உஷார்! வட்டி ஏறிவிட்டது என்று டாலர் பில்லை ஆறப்போடாதீர்கள்

டோல்கேட்டைச் சுற்றி பேரிங் கடை, கெமிக்கல் குடோன், மெஷின் பட்டறை வைத்திருப்பவர்களில் டாலரில் பாக்கி உள்ளவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். ‘ரிசர்வ் வங்கி வட்டியை ஏத்திட்டாங்க, இனி ரூபாய் ஏறிடும், டாலர் இறங்கினதும் கட்டிக்கலாம்’ என்று யார் சொன்னாலும் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். 2013-ல் அப்படிக் காத்திருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

அந்த ஆண்டு மே 22 அன்று, கடன் பத்திரங்கள் வாங்குவதைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி சொன்னார். வெளிநாட்டுப் பணம் இந்தியாவிலிருந்து கிளம்பத் தொடங்கியது. ரூபாயைத் தாங்கிப் பிடிக்க ஜூலை 15 அன்று ரிசர்வ் வங்கி, வங்கிகளின் அவசரக் கடனுக்கான எம்.எஸ்.எஃப். வட்டியை 8.25 சதவீதத்திலிருந்து ஒரே அடியாக 10.25 ஆக்கியது. அன்று டாலர் 60 ரூபாயை ஒட்டி இருந்தது. ஆகஸ்ட் 28 அன்று அது 68.80.

50,000 டாலர் பில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை நடுவில் கட்டியிருந்தால் 30 லட்சம். ஆகஸ்ட் 28-ல் கட்டினால் 34 லட்சத்து 40 ஆயிரம். சரக்கு அதேதான், ஆறே வாரத்தில் 4 லட்சத்து 40 ஆயிரம் கூடுதல். அந்த நேரத்தில் துறைமுகத்துக்கு வந்த அடுத்த சரக்குக்குச் சுங்க வரியும் ஏறிய டாலர் விலையை வைத்தே போடப்பட்டிருக்கும்.

வட்டி ஏறியும் ரூபாய் ஏன் விழுந்தது? அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு வெளிநாட்டார் பணம் கொண்டுவருவார்கள் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆனால் அவர்கள் கையில் ஏற்கெனவே இந்தியக் கடன் பத்திரங்கள் இருந்தன. வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை விழும். பத்திரத்திலும் நஷ்டம், ரூபாயிலும் நஷ்டம் என்றால் விற்றுவிட்டுக் கிளம்பத்தானே பார்ப்பார்கள்? ரூபாய் ஒரே மாதத்தில் பத்து சதவீதம் சரியும் என்று பயப்படுகிறவருக்கு, ஆண்டுக்கு இரண்டு சதவீதம் கூடுதல் வட்டி எந்த மூலைக்கு?

இரண்டாவது காரணம் இன்னும் அழுத்தமானது. 2012-13-ல் நாட்டின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 4.8 சதவீதம். கச்சா எண்ணெய்க்கும் தங்கத்துக்கும் டாலர் வேண்டியிருந்தது. வட்டி ஏறியதால் மணலி சுத்திகரிப்பு ஆலைக்கு வரும் கச்சா எண்ணெய் குறைந்துவிடுமா?

ரூபாயை நிறுத்தியது வேறு வைத்தியம். ஆகஸ்ட் 28 அன்று மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கியே நேரடியாக டாலர் தர முன்வந்தது. செப்டம்பரில் வெளிநாட்டு இந்தியர் டெபாசிட்டுக்கும் வங்கிகள் வெளிநாட்டில் வாங்கும் கடனுக்கும் சலுகை ‘ஸ்வாப்’ வசதி தந்தது. இந்த இரண்டு ‘ஸ்வாப்’ வசதிகளில் மட்டும் சுமார் 34 பில்லியன் டாலர் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அக்டோபர் இறுதிக்குள் எம்.எஸ்.எஃப். வட்டியை 8.75 ஆக இறக்கிவிட்டார்கள், டாலரோ 61-62 ரூபாய்க்குத் திரும்பியிருந்தது. வட்டி ஏறியபோது விழுந்த ரூபாய், அது இறங்கியபோது எழுந்தது.

2022-லும் ஏமாற்றம்தான். மே 2022 முதல் பிப்ரவரி 2023 வரை ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. அமெரிக்கா அதைவிட வேகமாக ஏற்றியது. டாலர் 76-லிருந்து 82 ரூபாயைத் தாண்டியது.

எண்ணெய் விலை அடங்கி, அமெரிக்க வட்டி அசையாமல், விலைவாசி கட்டுக்குள் வரும் என்ற நம்பிக்கையும் இருக்கும்போது வட்டி உயர்வு ரூபாய்க்கு உதவலாம். ஆபத்து எப்போது என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வட்டியும் டாலர் விலையும் ஒரே வாரத்தில் சேர்ந்து ஏறினால் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். வெள்ளிதோறும் ரிசர்வ் வங்கி வெளியிடும் அந்நியச் செலாவணிக் கையிருப்பும் வாராவாரம் கரைந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு அடியும் உண்டு. வட்டி ஏறினால் ‘ஃபார்வர்ட் கவர்’ செலவும் ஏறும், ஏனென்றால் அந்த பிரீமியம் இரு நாட்டு வட்டி வித்தியாசத்தை ஒட்டியே நகரும். டாலர் 60 ரூபாய், வித்தியாசம் 6 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு டாலருக்கு 90 காசு. வித்தியாசம் 10 ஆனால் ஒன்றரை ரூபாய். பதற்றம் வந்த பிறகு பாதுகாப்பு தேடினால் விலை கூடுதல்.

ஆகவே பில் தேதி முடிவானதுமே வங்கியில் ஃபார்வர்ட் ரேட் கேளுங்கள். முழுத் தொகைக்கும் முடியாவிட்டால் பாதிக்காவது போட்டுவிடுங்கள். வட்டிச் செய்தியை மட்டும் நம்பி டாலர் பாக்கியைத் திறந்தபடி விடாதீர்கள்.