காப்பு நகல் மீட்புச் சோதனை

மீட்புச் சோதனை என்பது, சேமித்து வைத்த காப்பு நகலிலிருந்து தரவை வேறொரு கணினியில் உண்மையாகவே மீட்டெடுத்து, அது முழுமையாகவும் பயன்படுத்தத்தக்கதாகவும் உள்ளதா என்று பார்க்கும் முறையாகும். பெரும்பாலான நிறுவனங்களில் காப்பு நகல் எடுக்கும் பணி இரவு நேரத்தில் தானாகவே நடைபெறுகிறது. காலையில் "வெற்றி" என்ற செய்தி பதிவேட்டில் இருக்கும். பணி ஓடி முடிந்தது என்பதற்கு மட்டுமே அந்தச் செய்தி சான்றாகும். நகலிலிருந்து தரவு திரும்பக் கிடைக்குமா என்பதை மீட்டுப் பார்த்தால்தான் அறிய இயலும்.

இக்கட்டுரை போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளைக் கொண்டு இச்சோதனையை விளக்குகிறது.

"வெற்றி" என்ற செய்தி எவ்வாறு பிழையாகிறது

எடுத்துக்காட்டாக, ஒரு கல்லூரி நூலகத்தில் உறுப்பினர், நூல்கள், இரவல் ஆகிய விவரங்கள் `noolagam` என்ற தரவுத்தளத்தில் உள்ளன எனக் கொள்ளலாம். ஒவ்வொரு நாளும் அதிகாலை 2 மணிக்குக் கீழ்க்காணும் கட்டளை தானாக இயங்குகிறது.

```
pg_dump noolagam | gzip > noolagam.sql.gz && echo "SUCCESS"
```

இதில் `pg_dump` தரவைப் படித்து வெளியிடுகிறது. `gzip` அதைச் சுருக்கிக் கோப்பாக்குகிறது. ஒரு கட்டளை முடியும்போது ஒரு முடிவு எண்ணைத் தரும். எண் 0 என்றால் வெற்றி; வேறு எண் என்றால் தோல்வி. இரு கட்டளைகளை `|` குறியால் இணைக்கும்போது, வழக்கமான அமைப்பில், கடைசிக் கட்டளையின் முடிவு எண் மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகிறது.

தரவுத்தளத்தின் கடவுச்சொல் மாற்றப்பட்டு, அந்த மாற்றம் காப்புப் பணிக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றால் என்ன நிகழும்? `pg_dump` உள்ளே நுழைய முடியாமல் நின்றுவிடும். `gzip` தன்னிடம் வந்த "ஒன்றுமில்லாததை" ஒழுங்காகச் சுருக்கி, 20 பைட்டு அளவுள்ள ஒரு கோப்பை உருவாக்கிவிட்டு, 0 என்ற எண்ணுடன் முடியும். பதிவேட்டில் "SUCCESS" என்று எழுதப்படும். கோப்பின் பெயர் நாள்தோறும் ஒன்றே என்பதால், முந்தைய நாளின் நல்ல நகலும் அழிந்துவிடும்.

சுருக்கப்பட்ட கோப்பு கெடாமல் உள்ளதா என்று பார்க்க `gzip -t` என்ற கட்டளை உண்டு. மேற்கண்ட 20 பைட்டு கோப்பு அந்தச் சோதனையிலும் தேறிவிடும். ஏனெனில், அது குறையற்ற சுருக்கக் கோப்புதான். உள்ளே ஒன்றும் இல்லை என்பதே குறை.

இந்த ஒரு பிழையைத் தவிர்க்க, பாஷ் உரைநிரலின் தொடக்கத்தில் `set -o pipefail` என்று எழுத வேண்டும். அப்போது இணைக்கப்பட்ட கட்டளைகளில் எது தோற்றாலும் முழுப் பணியும் தோற்றதாகக் கொள்ளப்படும். ஆயினும் அடுத்து வரும் குறைகளை இந்த வரி கண்டுபிடிக்காது.

சோதனையின் படிகள்

சோதனை நடைபெறும் கணினி, தரவுத்தளம் வழக்கமாக இயங்கும் வழங்கிக் கணினியாக இருக்கக் கூடாது. இதற்கு இரு காரணங்கள் உள்ளன. முதலாவது, தவறான இடத்தில் மீட்டால் நடப்புத் தரவே அழியக்கூடும். இரண்டாவது, பழைய கணினியில் ஏற்கெனவே உள்ள பயனர் கணக்குகளும் திறவுகோல்களும் நகலில் உள்ள குறையை மறைத்துவிடும். உண்மையான விபத்தில் அந்தக் கணினியே இல்லாமல் போகலாம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

புதிய கணினியில் ஒரு வெற்றுத் தரவுத்தளத்தை உருவாக்கி, சேமிப்பிடத்திலிருந்து கொண்டுவந்த நகலை அதில் ஏற்ற வேண்டும்.

```
set -o pipefail
createdb -T template0 sodhanai
gunzip -c noolagam.sql.gz | psql -X -v ON_ERROR_STOP=1 sodhanai
```

இங்கு `ON_ERROR_STOP=1` என்ற பகுதி இன்றியமையாதது. அது இல்லாவிட்டால், நகலில் உள்ள ஒரு வரி பிழையானாலும் `psql` அதைத் திரையில் காட்டிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடும். பத்து அட்டவணைகளில் மூன்று ஏறாமல் போனாலும் இறுதியில் 0 என்ற முடிவு எண்ணே கிடைக்கும். காப்பெடுக்கும் கட்டளை பொய்யாக வெற்றி கூறுவதைப் போலவே மீட்கும் கட்டளையும் கூறும்.

புதிய கணினியில் முதன்முறை சோதிக்கும்போது பலருக்கும் கீழ்க்காணும் பிழை தோன்றும்.

```
ERROR:  role "noolagar" does not exist
```

`pg_dump` ஒரு தரவுத்தளத்தின் உள்ளடக்கத்தை மட்டுமே எடுக்கிறது. பயனர் கணக்குகள் வழங்கி முழுமைக்கும் பொதுவானவை என்பதால் அவை நகலில் சேர்வதில்லை. அவற்றை `pg_dumpall --globals-only` என்ற கட்டளையால் தனியே எடுத்து வைக்க வேண்டும். பழைய கணினியிலேயே சோதித்திருந்தால் `noolagar` என்ற கணக்கு அங்கே இருந்திருக்கும், இக்குறை வெளிப்பட்டிருக்காது. மறையாக்கம் செய்யப்பட்ட நகலுக்கும் இது பொருந்தும். அதைத் திறக்கும் திறவுகோல் பழைய கணினியில் மட்டுமே இருந்தால், அக்கணினி பழுதாகும் நாளில் நகலும் பயனற்றதாகிவிடும்.

உள்ளடக்கத்தைச் சரிபார்த்தல்

மேற்கண்ட மீட்புக் கட்டளை பிழையின்றி முடிந்தாலும் சோதனை நிறைவடையவில்லை. 20 பைட்டு வெற்றுக் கோப்பை ஏற்றினாலும் `psql` பிழை காட்டாது. செய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆகவே, மீண்டு வந்த தரவையே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நகல் எடுத்த பிறகும் நூலகத்தில் புதிய இரவல்கள் பதிவாகிக்கொண்டே இருக்கும். எனவே மொத்த எண்ணிக்கையை அப்படியே ஒப்பிட்டால் இரண்டும் ஒத்துவராது. இதற்குத் தீர்வு, முடிந்துபோன ஒரு காலத்தை மட்டும் ஒப்பிடுவதாகும். ஜூன் 11 அதிகாலையில் எடுத்த நகலுக்கு, ஜூன் 10 வரையிலான பதிவுகளை இரு தரவுத்தளங்களிலும் எண்ணலாம். பழைய பதிவுகளை நீக்கும் வழக்கம் இல்லாத அட்டவணைகளுக்கு இம்முறை ஏற்றது.

```
SELECT count(*), max(issued_on) FROM loans
WHERE issued_on < DATE '2024-06-11';
```

நடப்புத் தரவுத்தளத்தில் 18,432 பதிவுகளும் கடைசி நாளாக ஜூன் 10-உம் கிடைக்கின்றன எனக் கொள்ளலாம். மீட்ட நகலிலும் இவையே கிடைத்தால் நன்று. அதற்கு மாறாக 17,905 பதிவுகளும் கடைசி நாளாக மார்ச் 3-உம் கிடைத்தால், நகல் வேறெங்கிருந்தோ எடுக்கப்படுகிறது என்று பொருள். நூலகம் மார்ச் மாதத்தில் புதிய வழங்கிக்கு மாறியிருக்கலாம். காப்புப் பணியோ பழைய வழங்கியிலிருந்தே நாள்தோறும் நகல் எடுத்திருக்கலாம். அந்த நகல் கெடவில்லை, பிழையின்றி மீள்கிறது; ஆனால் மூன்று மாதம் பழையது. பதிவேட்டைப் பார்த்து இதைக் கண்டறிய இயலாது. கடைசி நாளைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

இறுதியாக, நூலக மென்பொருளையே மீட்ட தரவுடன் இயக்கிப் பார்க்க வேண்டும். ஓர் உறுப்பினரின் பக்கம் திறக்கிறதா, தமிழ் நூற்பெயர்கள் சிதையாமல் தெரிகின்றனவா என்று பார்ப்பது போதுமானது. உறுப்பினர் படங்கள் தரவுத்தளத்திற்கு வெளியே தனிக் கோப்புறையில் இருந்தால் அவை நகலில் வந்திரா. அக்குறை இங்கேதான் வெளிப்படும். இவ்வாறு இயக்குமுன் மின்னஞ்சல் அனுப்பும் வசதியை நிறுத்திவிட வேண்டும். இல்லையெனில் சோதனைக் கணினியிலிருந்து உண்மையான உறுப்பினர்களுக்குத் தவணை நினைவூட்டல்கள் சென்றுவிடும்.

கிட்லேப் நிகழ்வு, 2017

நிரலாளர்கள் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில் 2017 ஜனவரி 31 அன்று நேர்ந்த தரவிழப்பு இத்துறையில் நன்கு அறியப்பட்டதாகும். இரு தரவுத்தள வழங்கிகளில் துணை வழங்கியின் கோப்புறையை அழிக்க முற்பட்ட பொறியாளர், தவறுதலாக முதன்மை வழங்கியின் கோப்புறையை அழித்தார். அவர் உணர்ந்து நிறுத்துவதற்குள் பெரும்பகுதி போய்விட்டது.

நாள்தோறும் `pg_dump` எடுத்திருக்க வேண்டிய நகல்களைத் தேடியபோது, சேமிப்பிடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பில் இயங்கியது. காப்புப் பணியோ 9.2 பதிப்பின் `pg_dump` கட்டளையை அழைத்துக்கொண்டிருந்தது. தன்னைவிடப் புதிய பதிப்பின் தரவுத்தளத்தை நகலெடுக்க அக்கட்டளை மறுத்துவிடும். தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டன. ஆனால் அவை உரிய முறையில் கையொப்பமிடப்படாததால் பெறும் பக்கம் அவற்றை ஏற்கவில்லை. எனவே தோல்வி எவர் கண்ணிலும் படவில்லை.

வேறொரு பணிக்காக ஏறத்தாழ 6 மணி நேரத்திற்கு முன் கைமுறையாக எடுக்கப்பட்டிருந்த வட்டு நிலைப்படம் ஒன்றே தளத்தைக் காப்பாற்றியது. அது வேகம் குறைந்த வட்டில் இருந்ததால் நகலெடுக்கப் பல மணி நேரம் பிடித்தது. தளம் மறுநாள்தான் மீண்டும் இயங்கியது. இடைப்பட்ட நேரத்தின் தரவு மீளவில்லை. சுமார் 5,000 திட்டங்களும் 5,000 கருத்துகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டதாக நிறுவனம் மதிப்பிட்டது. காப்பு முறை ஏன் சோதிக்கப்படவில்லை என்ற கேள்விக்கு, அதற்குப் பொறுப்பாளர் எவரும் இல்லை என்பதே அதன் அறிக்கையில் தரப்பட்ட விடையாகும்.

சோதனைப் பதிவும் வரம்புகளும்

ஒவ்வொரு சோதனையின் பின்னும் சோதித்த நகலின் நாள், ஒப்பிட்ட எண்ணிக்கைகள், தொடக்கம் முதல் மென்பொருள் இயங்கும் வரை ஆன நேரம், சோதித்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். ஆன நேரம் முதன்மையான விவரமாகும். மீட்பதற்கு 9 மணி நேரம் ஆகுமென்றால், விபத்தன்று நூலகம் ஒரு முழு நாள் மூடப்பட வேண்டியிருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். தரவுத்தளப் பதிப்பு, வழங்கி, கடவுச்சொல் ஆகியவற்றில் எது மாறினாலும், வழக்கமான முறை வரும்வரை காத்திராமல் உடனே சோதிக்க வேண்டும். சோதனை முடிந்ததும் உறுப்பினர்களின் சொந்த விவரங்கள் அடங்கிய அந்த மீட்ட தரவுத்தளத்தை அழித்துவிடுவது அவசியம்.

ஒரு மீட்புச் சோதனை அன்று சோதித்த நகலுக்கு மட்டுமே சான்றாகும். அடுத்த நாள் எடுக்கும் நகலுக்கு அது உறுதி தராது. மேலும், மூலத் தரவிலேயே பிழை இருந்தால் நகலும் அப்பிழையை அப்படியே கொண்டிருக்கும். ஒருவர் கடந்த வாரம் தவறுதலாக நீக்கிய பதிவை நேற்றைய நகலிலிருந்து பெற இயலாது. ஆகவே, பல நாள்களின் நகல்களை வெவ்வேறு பெயர்களில் வைத்திருந்து, அவ்வப்போது பழைய நகல் ஒன்றையும் சோதிப்பது வழக்கமாக உள்ளது.