மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி: போடிநாயக்கனூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

தேனி மாவட்டத்தில் மாநகராட்சி இல்லை. மலையடிவார ஏலக்காய் வணிக நகரமான போடிநாயக்கனூர் 33 வார்டுகளைக் கொண்ட நகராட்சி. அதனை அடுத்துள்ள மேலச்சொக்கநாதபுரமும் மீனாட்சிபுரமும் பேரூராட்சிகள். நகரிலிருந்து மேற்கே மலையேறினால் வரும் குரங்கணி, கொட்டகுடி ஊராட்சியைச் சார்ந்தது. சில கிலோமீட்டர் தொலைவுக்குள் மூவகை ஆட்சியமைப்புகள் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், அவற்றுக்கிடையிலான வேறுபாட்டை ஆராய இவ்வட்டாரம் ஏற்ற களமாகிறது. நான்காவது வகையான மாநகராட்சியைப் பற்றி அறிய மாவட்ட எல்லையைத் தாண்ட வேண்டும்.

முதலில் ஒரு சொற்சிக்கலைத் தீர்த்துக்கொள்ளலாம். 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகள் அனைத்தையும் ஒரே பொதுப்பெயரால் சுட்டி, 243 கியூ பிரிவில் அவற்றை மூன்றாகப் பகுக்கிறது. ஊரகத் தன்மையிலிருந்து நகரத் தன்மைக்கு மாறிவரும் பகுதிக்கு ஒன்று, சிறிய நகர்ப்பகுதிக்கு ஒன்று, பெரிய நகர்ப்பகுதிக்கு ஒன்று என்பது அப்பகுப்பு. தமிழில் பொதுப்பெயருக்கும் இடைவகைக்கும் ‘நகராட்சி’ என்ற ஒரே சொல் வழங்குவதால், சட்டத்தை மொழிபெயர்ப்பில் வாசிப்போர் தடுமாறுவதுண்டு. ‘பேரூராட்சி’ என்ற சொல்லோ ‘ஊராட்சி’யிலிருந்து கிளைத்தது. மாறிவரும் நிலையை அது சொல்லவில்லை. பெரிய ஊர் என்றே சொல்கிறது. நடைமுறைக்கு அதுவே நெருக்கமானது என்பதைப் பின்னர்க் காணலாம்.

மக்கள்தொகையே இவ்வகைகளைப் பிரிக்கிறது என்பது பரவலான கருத்து. அரசியலமைப்பு அவ்வாறு கூறவில்லை. மக்கள்தொகை, அதன் அடர்த்தி, உள்ளாட்சியின் வருவாய், வேளாண்மை அல்லாத தொழில்களில் ஈடுபட்டோரின் விகிதம், பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றையும், தாம் பொருத்தமெனக் கருதும் பிறவற்றையும் நோக்கி ஆளுநர் அறிவிக்கலாம் என்றே கூறுகிறது. எண்ணிக்கை வரம்பு எதனையும் அது விதிக்கவில்லை. அதனை மாநிலத்திடம் விட்டுவிட்டது.

இதன் விளைவை மூன்று நகரங்களை ஒப்பிட்டுக் காணலாம். 2011 கணக்கெடுப்பின்படி போடிநாயக்கனூரின் மக்கள்தொகை 75 ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. அதே கணக்கெடுப்பில் சிவகாசியின் மக்கள்தொகை ஏறத்தாழ 71 ஆயிரம். அதாவது போடியைவிடக் குறைவு. இராஜபாளையமோ 1 லட்சத்து 30 ஆயிரத்தை எட்டியிருந்தது. இவற்றுள் 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்தது சிவகாசி. அடுத்திருந்த திருத்தங்கல் நகராட்சியை இணைத்தும், இரண்டின் மக்கள்தொகை இராஜபாளையத்தை மிஞ்சவில்லை. பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களின் பொருளாதார எடையையும், இணைக்கத்தக்க ஒரு நகராட்சி அருகிலேயே இருந்ததையும் கருதாமல் இவ்வுயர்வை விளங்கிக்கொள்ள இயலாது. போடியின் நிலை வேறு. அதன் ஏலக்காய் வணிகம் பெரியது. நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் அங்கும் கேரளத்தின் புற்றடியிலும் நடைபெறுகிறது. ஆனால் அந்த ஏலக்காயை விளைவிக்கும் நிலத்தின் பெரும்பகுதி இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தது; இணைத்துக்கொள்ள முடியாதது.

வகை மாறுவதால் மாறுவது என்ன? பணிப்பட்டியலில் வேறுபாட்டைத் தேடினால் ஏமாற்றமே எஞ்சும். பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பொருள்கள் மூவகைக்கும் பொதுவானவை. வரியிலும் பெரிய வேறுபாடு இல்லை. 2022-இல் சொத்துவரி உயர்த்தப்பட்டபோது, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் ஒரே விகிதமே விதிக்கப்பட்டது: 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 25 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 விழுக்காடு. சட்ட அடிப்படையிலும் முன்பிருந்த பிரிவினை மறைந்துவருகிறது. மாநகராட்சிகளுக்குத் தனித்தனிச் சட்டங்களும், மற்ற இரண்டுக்கும் 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமும் என்றிருந்த நிலை மாறி, நெடுங்காலம் நிறுத்திவைக்கப்பட்டிருந்த 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

வேறுபாடு நிருவாகத்தில் இருக்கிறது. மாநகராட்சியில் மேயரும் ஆணையரும், நகராட்சியில் நகர்மன்றத் தலைவரும் ஆணையரும், பேரூராட்சியில் தலைவரும் செயல் அலுவலரும் உள்ளனர். பேரூராட்சிகளுக்குத் தனி இயக்ககம் உண்டு. நகராட்சிகள் நகராட்சி நிருவாக இயக்ககத்தின்கீழ் இயங்குகின்றன. அலுவலர் தரமும் பொறியியல், சுகாதாரப் பிரிவுகளின் அளவும் கடன் பெறும் வலிமையும் படிக்குப் படி கூடுகின்றன. மாநகராட்சி உயர்வைக் கோருவோர் உண்மையில் கோருவது இவற்றையே.

எனினும் மூவகையிலும் செயலாட்சி அதிகாரம் அரசு நியமிக்கும் அலுவலரிடமே உள்ளது. மன்றம் தீர்மானிக்கிறது, அலுவலர் நிறைவேற்றுகிறார். கொட்டகுடியில் நிலை நேர்மாறு. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரே செயலாட்சி அதிகாரி. அவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். 2019 டிசம்பர் ஊரகத் தேர்தலில் ஒரு மலையூர் வாக்காளர் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக்குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர் என நான்கு வாக்குகள் அளித்தார். 2022 பிப்ரவரி 19 அன்று போடி நகர வாக்காளர் அளித்ததோ வார்டு உறுப்பினருக்கான ஒரே வாக்கு. தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர். கிராம சபையில் கணக்குக் கேட்கும் உரிமையும் ஊராட்சி வாக்காளருக்கே நேரடியாக உண்டு. நகரங்களுக்கென 2022-இல் வகுக்கப்பட்ட பகுதி சபை விதிகள் அந்த இடைவெளியை ஓரளவே நிரப்புகின்றன. ஊராட்சி பேரூராட்சியாகும்போது அமைப்பின் வலிமை கூடுகிறது. வாக்காளரின் நேரடிப் பிடி தளர்கிறது.

இந்த எல்லைக்கோடு பணத்தாலும் வரையப்படுகிறது. 2004 ஜூனில் தமிழகப் பேரூராட்சிகளுள் 561, ‘சிறப்புச் சிற்றூராட்சிகள்’ என மாற்றப்பட்டன. ஊரகத்துக்கென ஒதுக்கப்படும் நடுவணரசு நிதியைப் பெறுவதே அதன் முதன்மை நோக்கம். 2006 ஜூலையில் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. இரண்டாண்டு இடைவெளியில் அவ்வூர்களின் தொழிலோ மக்கள்தொகையோ அவ்வாறு சென்று திரும்பியிருக்க முடியாது. சென்று திரும்பியது நிதிவழி மட்டுமே. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் இக்கோட்டை மேலும் கூர்மையாக்கியது. ஆண்டுக்கு 100 நாள் வேலைக்கான உரிமையை அது ஊரகக் குடும்பங்களுக்கே வழங்கியது. தம் ஊராட்சியை நகராட்சியோடு இணைக்கும் அறிவிப்பு வந்தவுடன் தமிழகத்தின் பல ஊர்களில் மக்கள் மறியலில் இறங்கியதற்கு, வரி உயர்வு பற்றிய அச்சத்தோடு இந்த இழப்பும் காரணம். போடி வட்டார மலையடிவாரத்தில் ஏலத்தோட்டக் கூலிக்கு நாள்தோறும் ஜீப்பில் மலையேறும் குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பம் ஒன்றின் வீடு ஊராட்சியில் உள்ளதா, பேரூராட்சியில் உள்ளதா என்பது, தோட்டவேலை குறையும் மாதங்களில் அதற்கு மாற்றுவேலை கேட்கும் சட்ட உரிமை உண்டா என்பதைத் தீர்மானித்து வந்துள்ளது.

போடிமெட்டைக் கடந்து கேரளத்துள் நுழைந்தால் பேரூராட்சி என்ற வகையே காணப்படாது. அங்கே நகராட்சி, மாநகராட்சி என இரண்டு மட்டுமே நடைமுறையில் உள்ளன. உலகறிந்த சுற்றுலா நகரமான மூணாறு இன்றும் கிராம ஊராட்சிதான். ஒரே அரசியலமைப்புப் பிரிவின்கீழ், ஒரே மலையின் இரு சரிவுகளில், ஒருபுறம் சிற்றூர்கள்கூட நகர்ப்புற அமைப்பாகவும் மறுபுறம் நகரத் தோற்றமுள்ள ஊர் ஊரக அமைப்பாகவும் விளங்குகின்றன.