சித்திரையை முதலில் நிறுத்துவது எப்படி?

ஊர்க் கோயிலின் உபயக் கணக்கை எக்செல்லில் வைத்திருக்கிறார்கள். A நெடுவரிசையில் தமிழ் ஆண்டு, B-யில் மாதம், C-யில் உபயதாரர் பெயர், D-யில் தொகை. ரசீது போட்ட வரிசையில் ஏறிய கணக்கு இது. பொதுக்குழுவில் வாசிக்க, மாதவாரியாக அடுக்க வேண்டும். B நெடுவரிசையை அகரவரிசைப்படி அடுக்கினால் கிடைப்பது: ஆடி, ஆவணி, ஆனி, ஐப்பசி, கார்த்திகை, சித்திரை, தை, பங்குனி, புரட்டாசி, மாசி, மார்கழி, வைகாசி. ஆண்டின் முதல் மாதம் ஆறாவது இடத்துக்குப் போய்விட்டது. இரண்டாவது மாதம் கடைசியில் நிற்கிறது.

எக்செல் பிழை ஏதும் செய்யவில்லை. அதற்குத் தெரிந்தது எழுத்துகளின் வரிசை மட்டுமே. சித்திரைக்குப் பின் வைகாசி என்பதை நாம்தான் சொல்லித் தர வேண்டும். ஜனவரி, பிப்ரவரி போன்ற ஆங்கில மாதப் பெயர்களுக்கு எக்செல்லிலேயே ஆயத்தப் பட்டியல் உண்டு. நம் பட்டியலையும் அதில் சேர்க்கலாம். ஆனால் கூகுள் ஷீட்ஸில் அந்த வசதி இல்லை. எங்கு திறந்தாலும் செல்லுபடியாகும் வழி, பக்கத்தில் ஒரு துணை நெடுவரிசை போட்டு, ஒவ்வொரு மாதத்துக்கும் உரிய எண்ணை அதில் வரவழைப்பது. பெயரை விட்டுவிட்டு எண்ணை வைத்து அடுக்கினால் வேலை முடிந்தது.

முதலில் அதே கோப்பில் புதிதாக ஒரு ஷீட்டைத் திறந்து 'மாதம்' என்று பெயர் வையுங்கள். A1 முதல் A12 வரை சித்திரையில் தொடங்கிப் பங்குனி முடியப் பன்னிரண்டு பெயர்களையும் எழுதுங்கள். இந்தப் பட்டியலைக் கணக்கு இருக்கும் ஷீட்டிலேயே ஓரமாக எழுதுகிறவர்கள் உண்டு. அது கணக்கை ஒட்டி இருந்தால், அடுக்கும்போது பட்டியலும் சேர்ந்து கலைந்துவிடும். தனி ஷீட்டுதான் பாதுகாப்பு.

பிறகு கணக்கு ஷீட்டில், தொகைக்கு அடுத்த E நெடுவரிசைக்கு 'வரிசை' என்று தலைப்பிட்டு, E2 கட்டத்தில் இதை எழுதுங்கள்:

```
=MATCH(TRIM(B2),'மாதம்'!$A$1:$A$12,0)
```

B2-வில் உள்ள பெயர் பட்டியலில் எத்தனையாவதாக இருக்கிறது என்று MATCH தேடிச் சொல்கிறது. மார்கழி என்றால் 9, ஆடி என்றால் 4. பெயருக்கு முன்னும் பின்னும் தெரியாமல் விழுந்த இடைவெளியை TRIM நீக்கிவிடும். ஃபார்முலாவைக் கடைசி வரி வரை இழுத்துவிட்டு, தலைப்போடு சேர்த்து A முதல் E வரை முழுவதையும் தேர்ந்தெடுங்கள். Data பகுதியில் Sort போய், 'வரிசை'யைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொல்லுங்கள். E-யை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கப் போனால் எக்செல் ஒரு எச்சரிக்கை காட்டும். அதில் Expand the selection என்பதையே ஏற்க வேண்டும். தொகைக்கும் துணை நெடுவரிசைக்கும் நடுவே வெற்று நெடுவரிசை விடுவதும் ஆபத்துதான். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டதாக எக்செல் எடுத்துக்கொள்ளும்.

ஃபார்முலாவில் இருக்கும் டாலர் குறிகளும் கடைசியில் உள்ள பூஜ்யமும் அலங்காரத்துக்கு இல்லை. டாலரை விட்டுவிட்டால், கீழே இழுக்க இழுக்கப் பட்டியலும் ஒவ்வொரு கட்டமாகக் கீழே நழுவும். மூன்றாவது வரியில் தேடல் A2-விலிருந்து தொடங்குவதால் வைகாசிக்கு 1 கிடைக்கும்; சித்திரை கண்ணிலேயே படாது. ஒரே மாதத்துக்கு வெவ்வேறு வரிகளில் வெவ்வேறு எண் வந்தால் காரணம் இதுதான். பூஜ்யத்தை விடுவது இன்னும் மோசம். பூஜ்யம் 'அச்சாக அதே பெயர்' என்று கேட்பதாகும். அது இல்லாவிட்டால், பட்டியல் ஏற்கெனவே அகரவரிசையில் இருப்பதாக நம்பிக்கொண்டு MATCH தேடும். நம் பட்டியல் அப்படி இல்லையே. பிழைச் செய்தி எதுவும் காட்டாமலே தவறான எண்ணைத் தந்துவிடக்கூடும். கணக்கு வாசிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பட்டியலில் இல்லாத பெயருக்கு #N/A என்று வரும். அடுக்கியதும் அந்த வரிகள் எல்லாம் அடியில் போய்ச் சேர்ந்துகொள்ளும். பார்க்க அழகாக இல்லை என்று சிலர் IFERROR போட்டு அதை மறைப்பார்கள். அதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. எந்த வரி கெட்டிருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டுவது அந்த #N/A ஒன்றுதான். 'ஆவனி', 'அய்ப்பசி' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் திருத்திவிடலாம்.

திகைக்க வைப்பது வேறொன்று. கட்டத்தில் 'மார்கழி' என்று சரியாகவே தெரியும், பட்டியலிலும் அப்படியே இருக்கும், ஆனாலும் #N/A. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய உரைகளில் 'ர்' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் அதன்மேல் புள்ளியும் இருப்பதுண்டு. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். நீளத்தை அளந்தாலும் இரண்டும் ஏழு குறிகள்தான். மூன்றாவது குறியின் எண்ணைக் கேட்டால்தான் உண்மை தெரியும்:

```
=UNICODE(MID(B5,3,1))
```

2992 வந்தால் அது ரகரம். 3006 வந்தால் துணைக்கால். கார்த்திகையிலும் இதே கோளாறு வரும். பட்டியலில் உள்ள சரியான பெயரை நகலெடுத்து அந்தக் கட்டத்தில் ஒட்டினால் தீர்ந்தது. இனிமேல் இப்படி வராமல் இருக்க, B நெடுவரிசைக்கு Data Validation போட்டு, அதே பன்னிரண்டு பெயர்களிலிருந்து தேர்ந்தெடுக்க மட்டும் விடலாம்.

கணக்கு ஒரே ஆண்டோடு நின்றால் இவ்வளவு போதும். இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்ந்திருந்தால் எல்லாச் சித்திரைகளும் ஒன்றாக மேலே வந்து நிற்கும். முதலில் ஆண்டு, அதற்குள் மாதம் என்று Sort-இல் இரண்டு படிகள் தர வேண்டும். ஆண்டை சோபகிருது, குரோதி, விசுவாவசு என்று எழுதியிருந்தால் அகரவரிசை மறுபடியும் கவிழ்க்கும்: 2024-இல் பிறந்த குரோதி, 2023-இல் பிறந்த சோபகிருதுக்கு முன்னால் வந்துவிடும். ஆண்டுகளுக்கும் ஒரு பட்டியல், அதற்கும் ஒரு துணை நெடுவரிசை தேவை.

பதவிகளை அடுக்கும்போதும் முறை இதேதான். ஆனால் ஒரு இடத்தில் MATCH போதாது. இந்திய ராணுவத்தில் காலாட்படையின் ஹவில்தாரும், குதிரைப்படை மரபில் வந்த கவசப் படையின் டஃபேதாரும் சம நிலையினர். ஒரே பட்டியலில் இருவரையும் அடுத்தடுத்து எழுதினால், ஒருவருக்கு 4, மற்றவருக்கு 5 என்று வந்து, இல்லாத ஏற்றத்தாழ்வு உண்டாகும். இடத்தை மட்டும் எண்ணத் தெரிந்த MATCH-ஆல் இதைச் சரிசெய்ய முடியாது. 'பதவி' என்ற ஷீட்டில் A நெடுவரிசையில் பதவியின் பெயரையும், B-யில் அதற்கு நாமே தரும் எண்ணையும் எழுதி, இருவருக்கும் 4 என்றே கொடுத்துவிட்டு, துணை நெடுவரிசையில் இப்படிக் கேட்க வேண்டும்:

```
=VLOOKUP(TRIM(B2),'பதவி'!$A$1:$B$20,2,FALSE)
```

இங்கே FALSE செய்வது, அங்கே பூஜ்யம் செய்த அதே வேலை. சம எண் பெற்றவர்களுக்குள் யார் முன்னே என்பதைப் பணியில் சேர்ந்த தேதியை இரண்டாவது படியாக வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம்.