போலித் தளமா, பிழையான தளமா?

2017 செப்டம்பர் 7 அன்று அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனம் ஓர் அதிர்ச்சிச் செய்தியை வெளியிட்டது. மக்களின் கடன் வரலாற்றைத் தொகுத்து வைத்திருக்கும் நிறுவனம் அது. சுமார் 14.3 கோடிப் பேரின் விவரங்கள் அதனிடமிருந்து திருடு போயிருந்தன. தங்கள் விவரமும் போயிற்றா என்று மக்கள் பார்த்துக்கொள்ள equifaxsecurity2017.com என்ற புதிய தளத்தைத் திறந்தது. உள்ளே போனால் குடும்பப் பெயரையும், அரசு வழங்கிய அடையாள எண்ணின் கடைசி ஆறு இலக்கங்களையும் கேட்டது. நிறுவனத்தின் வழக்கமான முகவரி இல்லை, நேற்று முளைத்த பெயர், எடுத்த எடுப்பில் ரகசிய எண். மோசடித் தளத்துக்குச் சொல்லப்படும் அடையாளங்கள் பலவும் அந்த உண்மைத் தளத்தில் இருந்தன. சில பாதுகாப்புச் சேவைகள் அதை மோசடி என்று எச்சரிக்கவும் செய்தன.

இதில் உள்ள ஆபத்தைக் காட்ட ஒரு மென்பொருளாளர் அந்தத் தளத்தை wget என்ற கட்டளையால் நகலெடுத்தார். சொற்களை முன்பின்னாக மாற்றி, securityequifax2017.com என்ற முகவரியில் அதை ஏற்றினார். இது போலி என்று தலைப்பிலேயே எழுதியும் வைத்தார். பிறகு நடந்ததுதான் விசித்திரம்: ஈக்விஃபாக்ஸின் ட்விட்டர் கணக்கே வாடிக்கையாளர்களுக்குப் பலமுறை அந்த நகலின் முகவரியைக் கொடுத்தது.

வடிவமைப்பு எவ்வளவு எளிதில் திருடப்படும் என்பதற்கு இது நல்ல சான்று. லோகோ, நிறம், எழுத்துரு, படங்கள் எல்லாம் பார்ப்பவரின் கணினிக்கு வந்துதான் திரையில் தெரிகின்றன. வந்ததைச் சேமித்து வேறிடத்தில் ஏற்றத் திறமை தேவையில்லை. எனவே தளம் அச்சு அசலாக இருக்கிறது என்பது நம்பிக்கைக்குக் காரணம் ஆகாது.

ஒற்றுமையை வைத்து மட்டும் திருட்டு என்றும் முடிவுகட்ட முடியாது. ஷாப்பிஃபை போன்ற சேவைகள் ஒரே வார்ப்பை ஆயிரக்கணக்கான கடைகளுக்குக் கொடுக்கின்றன. ஒரே தயாரிப்பாளரின் மிக்சியை விற்கும் பத்துக் கடைகளும் தயாரிப்பாளர் தந்த ஒரே படத்தைப் போடும். படத்தைத் தேடிப் பார்த்து வேறு கடையிலும் அது கிடைத்தால், அதற்குப் பொருள் அவ்வளவுதான். ஆனால் 'பொருளைத் திருப்பி அனுப்பும் விதிகள்' என்ற பக்கத்தின் நடுவில் வேறொரு கடையின் பெயர் வந்து நின்றால் கவனிக்க வேண்டும். நகலெடுத்தவர் முகப்பில் பெயரை மாற்றிவிட்டு, யாரும் படிக்காத பக்கத்தில் விட்டுவிட்ட தடயம் அது. அந்தப் பக்கத்தைச் சோம்பலால் இரவல் வாங்கிய நேர்மையான கடைக்காரர்களும் உண்டு என்பதால், அங்கிருந்து விசாரணையைத் தொடங்கலாமே தவிர முடித்துவிட முடியாது.

எழுத்துப்பிழை இதைவிடப் பழைய அடையாளம். அவசரத்தில், தெரியாத மொழியில் கட்டப்பட்ட மோசடித் தளத்தில் பிழைகள் இருப்பது இயல்பு. மோசடியில் அபத்தம் சில நேரம் வேண்டுமென்றே வைக்கப்படுகிறது என்று வாதிட்டவர் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி. 2012இல் அவர் எழுதிய கட்டுரை மோசடி மின்னஞ்சல்களைப் பற்றியது. நம்பவே முடியாத கதையைச் சொன்னால் விவரமானவர்கள் உடனே விலகிவிடுவார்கள். எஞ்சுபவர்கள் எளிதில் ஏமாறக்கூடியவர்கள். மோசடிக்காரரின் நேரம் மிச்சம் என்பது அவர் வாதம். ஆனால் அந்தக் கணக்கு, ஆளோடு ஆள் பல நாள் பேசிப் பணம் கறக்கும் மோசடிக்குத்தான் பொருந்தும். கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்த நொடியில் பிடுங்கிக்கொள்ளும் நகல் தளத்தில் அசலின் வாசகங்களே இருக்கும்; பிழைக்கு அங்கே இடமே இல்லை.

தமிழில் இந்த அடையாளம் இன்னும் அதிகமாகத் தடுமாறுகிறது. பொருளை வாங்க அழுத்தும் பொத்தானில் 'வண்டியில் சேர்' என்றும், இலவசமாக அனுப்புவோம் என்பதற்கு 'இலவச கப்பல் போக்குவரத்து' என்றும் இருந்தால் சிரிப்பு வரும். அது இயந்திர மொழிபெயர்ப்பு. பெயர்பெற்ற பன்னாட்டு நிறுவனங்களும் தமிழுக்கு இப்படித்தான் அரைகுறையாக வந்து சேர்கின்றன. மறுபக்கம், இருபது வருடமாகச் சேலை நெய்து விற்பவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிய பக்கத்திலும் பிழை மலிந்திருக்கும். எழுதியவருக்கு அந்த மொழி எவ்வளவு தெரியும், எவ்வளவு அக்கறை எடுத்தார் என்பதைத்தான் பிழை காட்டும். அவர் எண்ணம் என்ன என்பதைக் காட்டாது.

மூன்றில் அதிகம் பயன்படுவது தொடர்பு விவரம், அதைத் தோண்டிப் பார்த்தால். ஓர் எடுத்துக்காட்டு. பாதி விலைக்கு வெட் கிரைண்டர் தரும் தளம் ஒன்றின் அடியில் கோவை காந்திபுரம் முகவரி இருக்கிறது. பின்கோடு 600017. ஜிஎஸ்டி எண் 07 என்று தொடங்குகிறது. காந்திபுரத்தின் பின்கோடு 641012. 600017 சென்னை தியாகராய நகருக்கு உரியது. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, 07 என்பது டெல்லி.

மோசடிதான் என்று இதற்குள் சொல்லிவிடலாமா? பின்கோடு, தளத்தை வடிவமைத்தவர் முந்தைய வாடிக்கையாளரின் பக்கத்திலிருந்து மாற்ற மறந்ததாக இருக்கலாம். கடைக்கு டெல்லியில் கிடங்கு இருந்து அங்கிருந்து பில் போட்டால் 07 சரிதான். அப்படியானால் கோவைக்கு வேறொரு பதிவு இருக்கும். இரண்டு எண்களிலும் மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரையுள்ள பத்து எழுத்தும் இலக்கமும் ஒன்றாகவே இருக்கும். ஏனென்றால் அது நிறுவனத்தின் பான் எண். ஜிஎஸ்டி எண்ணே இல்லாவிட்டாலும் கடை போலி ஆகிவிடாது. விற்பனை குறைவாக உள்ள சிறு வியாபாரிகள் பலருக்குப் பதிவு கட்டாயமில்லை.

gst.gov.in தளத்தில் 'Search Taxpayer' பகுதியில் எண்ணைக் கொடுத்தால் சட்டப்படியான பெயர், கடைப் பெயர், பதிவான தேதி, முகவரி ஆகியவை வரும். தேர்ந்த மோசடிக்காரர் ஏமாற்றுவதும் இங்கேதான். உண்மையான கோவைக் கடை ஒன்றின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் மூன்றையும் அப்படியே எடுத்துப் போட்டிருப்பார். எல்லாம் பொருந்தும். அந்தக் கடை இருக்கிறது என்பதைத்தான் பதிவேடு சொல்லும். இந்தத் தளம் அந்தக் கடையுடையது என்று சொல்லாது. முன்பெல்லாம் தளத்தின் உரிமையாளர் பெயரைப் பதிவேட்டில் தேடலாம். 2018இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலும் அது மறைக்கப்படுகிறது. பெயரை மறைத்திருப்பது இப்போது சந்தேகத்துக்குக் காரணமில்லை. முகவரி பதிவான தேதி மட்டும் இன்னும் தெரியும். '1985 முதல்' என்று சொல்லும் கடையின் இணைய முகவரி மூன்று வாரத்துக்கு முன் பதிவாகியிருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

யாரிடம் கேட்பது? தளத்தில் உள்ள எண்ணில் கூப்பிட்டால் தளத்தை நடத்துபவரே எடுப்பார். கடையின் பழைய பில், பெட்டியின் மேல் அச்சான எண், ஊரில் உள்ள உறவினர் என்று வேறு வழியில் கடையை எட்டி, "இந்தத் தளம் உங்களுடையதா?" என்று கேட்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால், யுபிஐ செயலி பணம் அனுப்பும் முன் காட்டும் பெயரைப் பார்க்கலாம். கடையின் பெயருக்குப் பதில் ஒரு தனிநபரின் பெயர் வந்தால் பலர் பயந்து நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஒருவரே நடத்தும் கடையின் கணக்கு அவர் பெயரிலேயே இருக்கலாம். அப்படிப்பட்ட கடையின் ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது எழுத்து P ஆக இருக்கும்; பதிவேட்டில் சட்டப்படியான பெயராக உரிமையாளரின் பெயரே இருக்கும். செயலி காட்டும் பெயரும் அதுவாக இருந்தால் பணம் அந்தக் கடைக்காரருக்கே போகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். வேறொருவர் பெயர் வந்தால், தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விளக்கம் கிடைக்கும்வரை பணம் அனுப்பக் கூடாது. அனுப்பிவிட்டவர்கள் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறுமுன் முடக்க அப்போதுதான் வாய்ப்பு உண்டு.