பெட்டிச் சாவியும் சனிக்கிழமைக் கதவும்

வட அட்லாண்டிக் கடலில் ஃபாரோ தீவுகள் இருக்கின்றன. அங்கே கல்சோய் தீவில் மிக்லடாலூர் என்றொரு சின்ன ஊர். அதன் கரைப் பாறையில் 2014-ல் ஒரு பெண்ணின் சிலையை நிறுத்தினார்கள். அவள் கையில் கடல்நாயின் தோல் இருக்கிறது. அந்தத் தோல்தான் ஊர்க்கதையின் மையம்.

கடல்நாய்கள் ஆண்டுக்கு ஒருநாள் இரவு கரையேறி, தோலைக் கழற்றிவிட்டு, மனிதர்களாக ஆடிப்பாடும் என்பது அங்குள்ள நம்பிக்கை. ஊர் இளைஞன் ஒருவன் ஒளிந்திருந்து பார்த்து, ஒருத்தியின் தோலை எடுத்துக்கொள்கிறான். தோல் இல்லாமல் அவளால் கடலுக்குத் திரும்ப முடியாது. வேறு வழியில்லாமல் அவன் வீட்டுக்குப் போகிறாள், குடித்தனம் நடத்துகிறாள், பிள்ளைகள் பெறுகிறாள். தோலை அவன் பெட்டியில் பூட்டி, சாவியை எப்போதும் தன்னோடு வைத்திருக்கிறான். ஒருநாள் படகேறி வெகுதூரம் போன பிறகுதான் சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வருகிறது. அடித்துப்பிடித்துத் திரும்பினால் அவள் இல்லை. ஆனால் போவதற்கு முன் அடுப்பை அணைத்து, கத்தி முதலியவற்றைப் பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி ஒளித்துவைத்திருக்கிறாள். கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஓடிப்போனவள் என்று அவளை யாரும் சுலபமாகப் பழிக்க முடியாதபடி கதைசொல்லி பார்த்துக்கொள்கிறான்.

இங்கே ரகசியம் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். கணவனுடையது. அவள் எந்த நிபந்தனையும் போடவில்லை, எந்த வாக்கும் மீறப்படவில்லை. திருட்டில் தொடங்கிய கல்யாணம், திருட்டுப்பொருள் கிடைத்ததும் முடிகிறது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரவலாகச் சொல்லப்படும் அன்னப்பெண் கதைகளும் பெரும்பாலும் இந்த அச்சில் வார்த்தவையே. ஏரியில் குளிக்கும் பெண், கரையில் கிடக்கும் சிறகாடை, அதை ஒளித்துவைப்பவன் என்றுதான் அவையும் போகும்.

இன்னொரு வகையில் ரகசியம் பெண்ணுடையது. பிரான்சின் மெலுசின் கதை இதற்குச் சரியான உதாரணம். ஜான் தராஸ் என்பவர் 1393-வாக்கில் அதை உரைநடையில் எழுதினார். சனிக்கிழமைகளில் தன்னைப் பார்க்கக்கூடாது என்று சொல்லித்தான் மெலுசின் ரேமொண்டினை மணக்கிறாள். அவளால் அவனுக்குக் கோட்டைகளும் செல்வமும் சேர்கின்றன. பிறகு யாரோ அவன் காதில் சந்தேகத்தை ஓதுகிறார்கள். அவன் வாள்முனையால் கதவில் துளை போட்டுப் பார்க்கிறான். குளியல்தொட்டியில் இருக்கும் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே பாம்பு உடல்.

வாக்கு அப்போதே மீறப்பட்டுவிட்டது. ஆனாலும் அவள் போகவில்லை. அவன் வாயைத் திறக்காமல் இருக்கிறான். அவளும் தெரியாததுபோல் இருந்துவிடுகிறாள். பின்பு அவர்களுடைய மகன் ஒருவன் ஒரு மடத்தைக் கொளுத்த, அங்கே துறவியாக இருந்த இன்னொரு மகனும் நெருப்பில் மாண்டுபோகிறான். ஆத்திரத்தில் ரேமொண்டின் பலர் முன்னிலையில் மனைவியைப் பாம்பு என்று ஏசிவிடுகிறான். அதன் பிறகுதான் அவள் சிறகுள்ள பாம்பாகிச் சன்னல் வழியே பறந்துபோகிறாள். கணவன் கண்டதை அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. ஊரறியத் தன்னை ஏசுவதற்கு அவன் அதை எடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

நம் மகாபாரத கங்கையும் இந்த வகைதான். என்ன செய்தாலும் ஏன் என்று கேட்கக்கூடாது என்பது அவள் நிபந்தனை. ஏழு பிள்ளைகளை அவள் ஆற்றில் விட்டபோதும் பேசாதிருந்த சந்தனு, எட்டாவது பிள்ளைக்காகக் கேட்டுவிடுகிறான். மெலுசின் கதையைவிட இது கடினமானது, ஏனென்றால் தகப்பன் கேட்டதில் தப்பே இல்லை. நிபந்தனை நியாயமானதா என்பது இந்தக் கதைகளில் கணக்கிலேயே வருவதில்லை.

ரகசியம் உடைந்தால் உறவு ஏன் முடிந்தே தீரவேண்டும்? பெண்ணுக்குள்ள விலங்கு இயல்பைக் கண்டு ஆண் அஞ்சுவதாகச் சிலர் விளக்குவார்கள். எனக்கு அதைவிட, கதை நடக்கும் வீட்டைப் பார்ப்பதுதான் பொருத்தமாகப்படுகிறது. எல்லாக் கதைகளிலும் பெண்தான் தன் உலகத்தை விட்டுவிட்டு ஆணின் வீட்டுக்கு வருகிறாள். அங்கே அவளுக்கென்று மிஞ்சுவது ஒரு தோல், அல்லது ஒரு சனிக்கிழமை, அல்லது பதில் சொல்லாமலிருக்கும் உரிமை. மெலுசினின் கதவைப் போல அதை அவளே காவல் காக்கும்வரை அவளால் அங்கே வாழமுடிகிறது. அதுவும் கணவன் கைக்குப் போனால் இருப்பதற்குக் காரணமில்லை. மிக்லடாலூர்க்காரன் அதை முதல் நாளே பறித்துவிட்டதால், அவள் வீட்டில் இருந்த காலமெல்லாம் சிறைவாசம்தான்.

கதைசொல்லிகளுக்கு இதில் உலகியல் லாபமும் இருந்தது. தாய் போய்விடுவாள், பிள்ளைகள் தங்கிவிடுவார்கள். பிரான்சின் லூசின்யான் பிரபுக்குடும்பத்தின் மூலத்தாய் மெலுசின்தான் என்று அந்தக் கதை சொல்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் மக்காட்ரம் குலத்தாரைக் கடல்நாய் வம்சம் என்பார்கள். அமானுஷ்யமான பாட்டி பெருமைதான். ஆனால் அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெருமையை யார் நம்புவார்கள்?