ஈயின் பெயரும் சபையின் குரலும்

அம்மம்மாவிடம் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ‘உம்’ கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். இருட்டிலே பாயில் கிடக்கும் பிள்ளை விழித்திருக்கிறதா, உறங்கிவிட்டதா என்பதை அவர் அந்த ஒற்றை ஒலியைக் கொண்டே அறிந்துகொண்டார். வில்லிசையில் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமாம்’ போடுவதும் இதே வேலையைச் சபையின் சார்பில் செய்வதுதான். ஆனால் ஒரு தறப்பாள் கொட்டகைக்குள் நூறு, நூற்றைம்பது பேர் கூடியிருக்கும்போது ‘உம்’ தானாக வருவதில்லை. எந்த இடத்தில், எந்தச் சொல்லால், யார் பதில் சொல்லப்போகிறார்கள் என்பதைக் கதைசொல்லி முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். அப்படி எழுதும் முறையை, நாம் சில ஊர்களில் சொல்லிச் சொல்லித் திருத்திய ஒரு கதையைக் கொண்டே பார்ப்போம்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஓர் ஈ தன் பெயரை மறந்துவிடுகிறது. கன்றிடம் கேட்கிறது, பசுவிடம் கேட்கிறது. ஒருவர் மற்றவரைக் காட்ட, கேள்வி நீண்டுகொண்டே போகிறது. கடைசியில் குதிரை கனைக்க, அந்த ஒலியிலேயே ஈக்குத் தன் பெயர் கிடைத்துவிடுகிறது. இப்படிச் சங்கிலியாகச் செல்லும் கதைகள்தான் சபையைச் சேர்த்துக்கொள்வதற்கு ஏற்றவை. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவதால், சனம் அடுத்த முறைக்குத் தயாராகிவிடும்.

முழுச் சங்கிலியில் பதினான்கு பேர் வரை வருவார்கள். முதல் தடவை அனைவரையும் வைத்தோம். மீன் வந்தபோது பின்வரிசையில் பேச்சு எழுந்தது. குயவன் வந்தபோது முன்னாலிருந்த பிள்ளைகள் மட்டுமே பதில் சொன்னார்கள். அடுத்த தடவை ஒன்பதாகக் குறைத்தோம்: கன்று, பசு, மேய்ப்பவன், அவன் கைக்கம்பு, கம்பு முறித்த மரம், மரத்துக் கொக்கு, கொக்கு நிற்கும் குளம், குளக்கட்டுப் புல், புல் மேயும் குதிரை. நடுவில் சிலரை வெட்டும்போது சங்கிலி அறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளத்திலிருந்து நேரே குதிரைக்குப் போனால் சனம் தடுமாறும். அதற்காகவே குளக்கட்டில் புல்லை வைத்தோம். (நெடுந்தீவார் குதிரையை நன்கு அறிவர். மன்னார்ப் பிள்ளைகளுக்குக் கழுதையை வைத்தாலும் கதை கெடாது. அதன் கத்தலிலும் ‘ஈ’ இருக்கிறதே!)

இனி, ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து நடுவே கோடு கீறுங்கள். இடப்பக்கம் நீங்கள் சொல்வது. வலப்பக்கம் சனம் சொல்வது அல்லது செய்வது. வலப்பக்கம் வெறுமையாக ஒரு முழுப் பக்கம் போகுமானால் அந்த இடத்தில் சபை உங்களை விட்டுப் போய்விடும். எமது கொப்பியின் தொடக்கம் இப்படி இருக்கிறது:

கதைசொல்லி: ஈ கன்றிட்டைப் போச்சுது. “கன்றே, என்ர பேர் என்ன?” கன்று என்ன சொல்லிச்சுது? (கையை உயர்த்துக.)
சனம்: எனக்குத் தெரியாது, அங்கை கேள்!
கதைசொல்லி: எங்கை? (மூன்று எண்ணும்வரை நிற்க.) கன்றின்ர தாயிட்டை.
சனம்: (சேர்ந்து) பசு!

இதில் இரண்டு வகை அழைப்புகள் இருக்கின்றன. முதலாவது, எல்லாரும் ஒரே வசனத்தைச் சொல்வது. இதைக் கதை தொடங்குமுன்னரே இரண்டு தடவை சொல்லிப் பழக்கிவிட வேண்டும். நாலைந்து சொற்களுக்கு மேற்பட்டால் வாயில் நில்லாது. ‘எனக்கு உன் பெயர் தெரியாத காரணத்தால் வேறொருவரிடம் விசாரி’ என்று முதலில் எழுதியவனும் நான்தான், குருமடத்துத் தமிழ்! யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது, நீங்கள் நிறுத்த, சனம் சொல்லை நிரப்புவது. இங்கே நிறுத்தும் நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். மேடையிலிருப்பவருக்கு மௌனம் மிக நீளமாகத் தோன்றும். பதற்றத்தில் ஒன்று எண்ணுமுன் தாமே பதிலைச் சொல்லிவிடுவார். பிறகு சனம் பதில் சொல்வதை விட்டுவிடும்.

கைச்சைகையும் அவசியம். கை உயர்ந்தால் சொல்லவேண்டும், விரல் மடங்கினால் நிறுத்த வேண்டும். இது இல்லாவிடில் பிள்ளைகளின் கூச்சலில் அடுத்த வரி அமிழ்ந்துபோகும். முதலாவது அழைப்பிற்குத் துணையாக இரண்டு பேரைக் கூட்டத்தின் நடுவிலும் பின்னாலும் இருத்துவோம். முன்வரிசையில் இருத்துவது பயனற்றது. ஒலி பின்னாலிருந்து வந்தால்தான் பெரியவர்கள் கூச்சம் விடுவார்கள்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: விடை முன்கூட்டியே தெரியாத, திறந்த கேள்வி. இதிலேதான் நான் பெரிய பிழை விட்டேன். ஈ குளத்தடிக்கு வந்ததும் கதையை நிறுத்தி, முன்னால் இருந்த ஒரு தாயைப் பார்த்து, “அம்மா, உங்கட ஊர்க் குளத்தின்ர பேர் என்ன?” என்று கேட்டேன். அவர் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். விதைத்த வயலை அந்தக் குளத்தின் கீழ் விட்டுவிட்டு வந்தவர் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. எல்லார் கண்ணும் அவர் மீது. ஈயின் கதையைத் தொடர எனக்கு நாவெழவில்லை.

அன்றிரவு கொப்பியில் அந்தக் கேள்வியை வெட்டிவிட்டேன். மறுநாள் ஓர் ஆச்சி என்னிடம் வந்து, “சுவாமி, எல்லாரிட்டையும் கேளுங்கோ. ஏன் ஒராளிட்டை மட்டும் கேட்டனீங்கள்?” என்றார். அவர் சொன்னதே சரி. கேள்வியில் அன்று பிழையில்லை. அதைத் தனி ஒருவர் தலையில் வைத்ததுதான் பிழை. இப்போது கொப்பியில் அந்த இடம் இப்படி இருக்கிறது:

கதைசொல்லி: குளமெண்டால் எந்தக் குளம்? என்ர கை உயரேக்கை எல்லாரும் ஒண்டாய் அவரவர் குளத்தின்ர பேரைச் சொல்லுங்கோ. சொல்ல விருப்பமில்லாதவை கொக்கு மாதிரி ஒற்றைக் காலிலை நில்லுங்கோ.
சனம்: (எல்லாப் பெயரும் ஒரே நேரத்தில்.)
கதைசொல்லி: ஈ சொல்லிச்சுது, “அடேயப்பா, இவ்வளவு பேரா! எல்லாம் நல்ல பேர். ஆனால் அது குளத்தின்ர பேர். என்ர பேர் எங்கை?”

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை என்று பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். யார் எதைச் சொன்னார், யார் சொல்லவில்லை என்பது எவருக்கும் தெரியாது. ஒற்றைக் காலில் நிற்பவரைப் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். அதுவும் கதையின் ஒரு பங்காகிவிடும். ஈ சொல்லும் அந்த வரியை மட்டும் மறந்துவிடாதீர்கள். திறந்த கேள்விக்குப் பின்னால் கதைக்குத் திரும்பும் வசனம் ஒன்று எழுதப்பட்டிருக்க வேண்டும். அது மனப்பாடமாகவும் இருக்க வேண்டும். ஒரு நிகழ்வில் இத்தகைய கேள்வி ஒன்று போதும். அதையும் சங்கிலியின் பின்பாதியில், சனத்தின் வாய் பழகிய பிறகே வையுங்கள்.

சபை களைத்துவிட்டதை எப்படி அறிவது? பதில் முன்வரிசையிலிருந்து மட்டும் வரும். அல்லது கை உயர்ந்து சற்றுப் பிந்தி வரும். அப்படியானால் வரிசையை முழுவதும் சொல்லாமல் குதிரைக்குத் தாவிவிடலாம். அதற்காகக் கொப்பியில் இரண்டு இடங்களில் சிவப்புப் பேனையால் ‘இங்கிருந்து குதிரை’ என்று குறித்திருக்கிறோம். தாவும்போது ஈயைக் குளக்கட்டுப் புல்லில் ஒருமுறை இருத்திவிட்டால் போதும். முழு நிகழ்வும் இருபது நிமிடத்துக்குள் முடியும்.

குதிரையின் கனைப்பை நீங்கள் செய்யாதீர்கள். பிள்ளைகள் எல்லாரையும் கனைக்கச் சொல்லுங்கள். சைகையில் நிறுத்தி, அமைதியானதும், “ஈக்கு என்ன கேட்டது?” என்று மட்டும் கேளுங்கள். விடையைக் கூட்டத்தில் ஆகச் சிறிய பிள்ளை சொல்லும்வரை பொறுத்திருங்கள். பெரிய பிள்ளைகள் முந்திச் சொல்லாமலிருக்க, அவர்களிடம் கதைக்கு முன்னரே இரகசியமாகச் சொல்லி வைப்பது நல்லது.