கடனைக் கழித்துவிட்டுப் பார்க்கும் பீட்டா

கோயம்புத்தூர் நூற்பாலை ஒன்று ஊட்டியில் ஓட்டல் கட்டப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 சதவீதம் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. போடுகிற பணத்துக்கு அது போதுமா?

ஆலைப் பங்கின் பீட்டா 0.8. அதாவது சந்தை 10 சதவீதம் அசைந்தால் இந்தப் பங்கு சராசரியாக 8 சதவீதம் அசையும். ஆனால் இது நூல் வியாபாரத்தின் ஆபத்து, ஓட்டலுடையது அல்ல. அதனால் பட்டியலிடப்பட்ட ஓட்டல் நிறுவனம் ஒன்றைப் பார்க்கிறார்கள். அதன் பீட்டா 1.4. அதையும் அப்படியே எடுக்க முடியாது. அந்த நிறுவனத்தில் பங்குதாரர் பணம் 100 ரூபாய்க்குக் கடன் 80 ரூபாய் இருக்கிறது. வருமானம் குறைந்தாலும் வட்டி குறையாது. அந்த இடி முழுக்கப் பங்குதாரர் தலையில்தான் விழும். ஆக, 1.4-இல் ஒரு பகுதி தொழிலின் ஆபத்து, மறுபகுதி கடன் சேர்த்தது.

இரண்டையும் பிரிக்கும் வழியை 1972-இல் ராபர்ட் ஹமாடா எழுதினார். வரி 25 சதவீதம் என்றால்:

```
1.4 / (1 + 0.75 × 0.8) = 0.875
```

இது கடனே இல்லாத ஓட்டல் தொழிலின் பீட்டா. நம் ஆலை 100-க்கு 40 ரூபாய் மட்டும் கடன் வாங்கப்போகிறது. அந்தக் கடனை இப்போது ஏற்ற வேண்டும்:

```
0.875 × (1 + 0.75 × 0.4) ≈ 1.14
```

அரசுப் பத்திரம் 7 சதவீதம், பங்குச்சந்தைக்கான கூடுதல் எதிர்பார்ப்பு 7 சதவீதம் என்று கொண்டால், பங்குதாரர் கேட்பது ஏறக்குறைய 15 சதவீதம். வரிச்சலுகை போகக் கடனுக்கு 7.5 சதவீதம். விகிதப்படி சேர்த்தால் மூலதனச் செலவு சுமார் 12.9. எனவே 12 சதவீதம் போதாது. ஆலையின் சொந்த பீட்டாவைப் போட்டிருந்தால் 11.1 வந்திருக்கும், ஓட்டலுக்கு அஸ்திவாரமே போட்டிருப்பார்கள்.

பெரும்பாலும் சறுக்குவது அந்த 0.8 என்ற விகிதத்தில்தான். ஆண்டறிக்கையின் பங்கு மூலதனத்தை அப்படியே எடுப்பவர்கள் அதிகம். எடுக்க வேண்டியது சந்தை மதிப்பு. சந்தை விலை புத்தக மதிப்பைப் போல இரண்டு மடங்கு என்றால், புத்தகக் கணக்கில் விகிதம் 1.6 ஆகிவிடும், கடன் கழித்த பீட்டா 0.64-க்குச் சரியும், இறுதி விடை 11.3-க்கு வரும். மறுபடியும் 12 சதவீதத் திட்டம் தேறிவிடும்! ஓட்டல்களில் குத்தகைப் பொறுப்பும் கடன்தான். அதை விட்டால் தவறு எதிர்ப்பக்கம் போகும்.

இந்தச் சூத்திரம் கடன் கொடுத்தவருக்குச் சந்தை ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. கடனில் மூழ்கிய நிறுவனத்துக்கு அது பொருந்தாது. தொழிலின் ஆபத்தைக் குறைத்துக் காட்டிவிடும். அப்படிப்பட்ட நிறுவனத்தை ஒதுக்கிவிட்டு, மிதமான கடனுள்ள நாலைந்து ஓட்டல் நிறுவனங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அதனதன் கடன் விகிதத்தால் தனித்தனியே கழித்து, வரிசையில் நடுவில் நிற்கும் எண்ணை எடுப்பதே என் தேர்வு.